சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்

(தூத்துக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்கள் முன்வரிசையிலும் கல்யாண வயதுப் பிள்ளைகள் கதவோரமும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்று தெரிகிறது. இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சாயங்காலம். உங்கள் தோழியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தகவல் கேட்டு நீங்கள் அவள் வீட்டுக்குப் போகிறீர்கள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனதும் என்ன பேசுவது? அவ்வளவுதான் விஷயம். பெரியவர்கள் பார்த்து முடிக்கிற கல்யாணம் நல்லதா, காதல் கல்யாணம் நல்லதா என்று வழக்காட நான் வரவில்லை. அதற்குப் பட்டிமன்றம் இருக்கிறது, நடுவர் இருக்கிறார், கடைசியில் இரண்டும் நல்லதே என்று தீர்ப்பும் இருக்கிறது.

ஒரு பெண்ணை வைத்துப் பேசுவோம். யாரையும் குறிப்பிடவில்லை, இந்த ஊரில் பத்துத் தெருவில் பத்துப் பேருக்குப் பொருந்தும். வயது இருபத்தேழு. உப்பு ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். தரகர் மூலம் ஓர் இடம் வந்தது. ஜாதகம் கை மாறியது, ஜோசியர் பொருத்தம் பார்த்துச் சரி என்றார், செவ்வாய் தோஷம் இல்லை என்றார், அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். இரண்டு கார். பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். கேசரி, வடை, தட்டில் மக்ரூன். பையனும் அவளும் மாடிப்படி ஓரம் நின்று பத்து நிமிஷம் பேசினார்கள். கிளம்பும்போது பையனின் அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்றார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை ராத்திரி தரகர் போன் பண்ணினார். அவள் அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே வந்து, "ஜாதகம் கொஞ்சம் இடிக்குதாம்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜாதகம் பார்த்துச் சரி என்ற பிறகுதானே ஆட்களே வந்தார்கள்? வருவதற்கு முன்னால் பொருந்தின நட்சத்திரம் ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் மாறிவிடாது. ஆக அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது மரியாதைக்காகச் சொன்ன பொய். கத்தோலிக்க வீடுகளில் ஜாதகம் கிடையாது. அங்கே இதே வேலையைச் செய்ய வேறு வாக்கியங்கள் உண்டு. "பையனுக்குக் கப்பலுக்குக் கூப்பிட்டுட்டாங்க, அடுத்த லீவுல பார்க்கலாம்." "அக்காளுக்கு முடிச்சிட்டுத்தான் இவனுக்குன்னு பெரியவங்க நினைக்காங்க." கப்பல் வேலைக்காரர் இருக்கிற குடும்பங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆள் ஊரில் இருப்பது இரண்டு மூன்று மாதம். அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று வரிசையாகப் பல வீடு ஏறி இறங்குவார்கள். பார்க்கப்பட்ட பெண்களில் பலருக்குத் தாங்கள் ஒரு வரிசையில் நின்றோம் என்பது பிறகுதான் தெரியவரும்.

இந்த நிராகரிப்பு வேலைக்குப் போய்க் கிடைக்காமல் வருவதைப் போன்றது என்று சிலர் நினைக்கிறார்கள். வேலைக்கு என்றால் என்ன தகுதி கேட்டார்கள், எதில் குறைந்தோம் என்று ஏதாவது ஒரு அளவு இருக்கும். இங்கே அவள் அளவு என்ன என்றே தெரியாமல் அளக்கப்பட்டிருக்கிறாள். பதிலும் பொய்க்காரணம். ஆகவே உண்மைக் காரணத்தை அவளே இட்டுக்கட்டிக்கொள்வாள்: நிறமா, பல்லா, உயரமா, அப்பாவுக்குச் சொந்த வீடு இல்லாததா, மாடிப்படியில் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டேனா. நமது கடற்கரையில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தபோது சிப்பியைத் திறந்தே பார்க்காமல் ஆயிரம் ஆயிரமாக ஏலம் எடுத்தார்கள். உள்ளே முத்து இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நஷ்டம், சிப்பியை யாரும் குறை சொன்னதில்லை. பெண்ணைப் பார்க்கிற இடத்தில் மட்டும் தலைமுடியின் நீளம் வரைக்கும் நமக்குக் கணக்கு வேண்டியிருக்கிறது.

சரி, வியாழக்கிழமை சாயங்காலம். நீங்கள் போகிறீர்கள். டப்பாவில் மிச்ச மக்ரூன் இன்னும் இருக்கிறது; உங்களுக்கு அதையே தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அவள் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கிறார். அவள் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் வாயைத் திறந்ததும் வருவது பெரும்பாலும் இவைதான்:

"விடுட்டி, அவனுக்குக் குடுத்து வைக்கல."

"எல்லாம் நன்மைக்குத்தான். இதவிட நல்ல இடம் வரும்."

"எங்க அத்தை மகளுக்கு ஏழு இடம் தட்டிப்போச்சு. இப்ப பாரு, ரெண்டு பிள்ளை."

அப்புறம், நான் இன்றைக்குப் பேச வந்ததற்கே காரணமான வாக்கியம்: "எங்க சித்தப்பா கூட வேலை பார்க்கிறவர் பையன் ஒருத்தன் ஸ்பிக் நகர்ல இருக்கான். போட்டோ அனுப்பட்டுமா?"

இதைச் சொல்கிறவர் கெட்டவர் இல்லை. உண்மையான பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியம் யாருடைய வலியைப் போக்குகிறது என்று பார்க்க வேண்டும். அழுகிற ஒருவர் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமையான வேலை. கைக்கு ஒன்றும் கிடைக்காத அந்த நேரத்தில் ஒரு போட்டோ கிடைத்தால், நமக்குச் செய்ய ஒரு காரியம் வந்துவிடுகிறது. நமக்கு மூச்சு வருகிறது. அவளுக்கோ, ஞாயிற்றுக்கிழமை கழற்றி மடித்து வைத்த புடவையை மறுபடி எடுத்துக் கட்டு என்று சொன்ன மாதிரி இருக்கும். அதோடு, "ஒன்று போனால் இன்னொன்று" என்கிற கணக்கில், அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் மனத்தில் ஏதாவது ஆசை முளைத்திருந்தால், அது முளைத்ததே இல்லை என்றாகிவிடுகிறது. பல பேருக்கு முளைத்திருக்கும். பத்து நிமிஷம் போதும். அதை ஒப்புக்கொள்ள வெட்கம். முன்பின் தெரியாதவன் போனதற்கு அழுவதா என்று கேட்பார்களே.

இதற்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. விபத்தில் மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ இழந்தவர்களிடம், எந்தப் பேச்சு உதவியது, எது நோகடித்தது என்று லேமன், எல்லார்ட், வோர்ட்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் கேட்டு 1986இல் எழுதினார்கள். நோகடித்தவற்றில் முன்னால் நின்றவை இரண்டு: அறிவுரை சொல்வது, சீக்கிரம் தேறிவிடு என்று ஊக்கப்படுத்துவது. சாவும் சம்பந்தம் தட்டிப்போவதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. அந்த ஆய்வில் நான் எடுத்துக்கொள்வது வேறு ஒரு பகுதி. இழப்பு எதுவும் இல்லாத வேறு ஆட்களிடம், இப்படி ஒருவரைப் பார்க்கப் போனால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் எல்லாம் சரியாகச் சொன்னார்கள்! கேட்டுக்கொள்வோம், கூட இருப்போம், அறிவுரை சொல்ல மாட்டோம் என்றார்கள். ஆக என்ன சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. நேரில் முகத்தைப் பார்க்கும்போது நமக்கு வருகிற பதற்றம்தான் தெரிந்ததையும் மறக்கடித்து, கைக்கெட்டின வாக்கியத்தை எடுத்து வீசச் செய்கிறது. அதனால் வீட்டுக்குப் போகும் முன் வாசகம் தயார் பண்ணத் தேவையில்லை. பதற்றம் நம்முடையது என்று தெரிந்து போனால், பாதிப் பேச்சு தானாக அடங்கிவிடும்.

அடுத்தது, பையனைத் திட்டுவது. "மூஞ்சியும் முகரையும், அவனுக்கு இவ்வளவு திமிரா" என்று தொடங்குவோம். தோழமைக்கு அது ஒரு அடையாளம் என்று நினைக்கிறோம். என்ன நடக்கும் தெரியுமா? கொஞ்ச நேரத்தில் அவளே, "அப்படிச் சொல்லாத. அவங்க நல்லாத்தான் பேசுனாங்க" என்று அவன் பக்கம் பேச ஆரம்பிப்பாள். நீங்கள் திகைத்துப்போவீர்கள். திகைக்க வேண்டாம், இந்தக் காட்சி தமிழுக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம். தலைவனைத் தோழி குறை சொல்வதற்கு இயற்பழித்தல் என்று பெயர். அதற்குத் தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுவது இயற்பட மொழிதல். குறுந்தொகையில் மூன்றாவது பாட்டு, தேவகுலத்தார் பாடியது, இந்தத் துறையில்தான் வருகிறது. அந்தப் பாட்டை எல்லாரும் காதலின் பெருமைக்காக எடுத்துக்காட்டுவார்கள். துறைக் குறிப்பைப் படித்தால், தோழி திட்டியதற்கு வந்த மறுமொழி அது என்பது தெரியும்.

சங்கப்பாட்டுத் தோழி கெட்டிக்காரி. தலைவன் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துதான் திட்டுகிறாள். அவனைச் சீக்கிரம் கல்யாணத்துக்கு வரவழைக்கிற தந்திரம் அது. நம் வீட்டு வேலிக்குப் பின்னால் யாரும் இல்லை. கார் போய்விட்டது. இங்கே திட்டுவதால் நடக்கிறது ஒன்றுதான்: அவனுக்கு வக்கீலாக அவளை உட்கார வைத்துவிடுகிறோம். அவன் நல்லவன் என்று அவள் வாதாடி ஜெயித்தால், நல்லவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று தீர்ப்பு அவள் தலையிலேயே விழும்.

ஒன்று மட்டும் விலக்கு. தட்டிப்போனதற்குக் காரணம் நகைப் பேச்சு என்றால், அதை அப்படியே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "அம்பது பவுனுக்கு ஒத்துக்கல, அதான் போயிட்டாங்க" என்பது அவளைப் பற்றிய செய்தியே இல்லை. வரதட்சணை கேட்பதே 1961ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். கொடுத்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள், கேட்டாலே குற்றம். அந்த வீட்டில் அப்பா தலை குனிந்திருப்பார். அவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவரால்தான் கெட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

என்னதான் செய்வது என்று கேட்கிறீர்கள். முதலில், அவள் எந்த அளவுக்குப் பேசுகிறாளோ அந்த அளவுக்கு. "கஷ்டமா இருக்கும்லா" என்ற ஒரு வாக்கியம் போதும். அவள் ஆமாம் என்றால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். அமெரிக்காவில் பிரான்ட் பர்லசன் என்ற பேராசிரியர் ஆறுதல் பேச்சையே வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்துக்கொண்டார். அவர் பிரித்த வகையில் அடிமட்டம், "இதுக்கெல்லாம் அழுவாங்களா" என்று அந்த வருத்தத்தையே மறுப்பது. நடுவில், வேறு பேச்சுக்குத் திருப்புவதும் வருத்தப்படாதே என்று அனுதாபம் காட்டுவதும். மேலே, அவள் படுகிறது நியாயம் என்று ஒப்புக்கொண்டு அவள் வாயாலேயே அதை விரித்துச் சொல்ல விடுவது. நம் வீட்டுப் பேச்சில் முதல் இரண்டும் ஏராளம். மூன்றாவதுக்கு நமக்கு வாக்கியமே குறைவு; "ம்" என்று சொல்வது அதில் ஒன்று. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

விசாரணை வேண்டாம். "என்ன கலர் புடவை கட்டுன? அவன் என்ன கேட்டான்? நீ என்ன சொன்ன? அத்தைக்காரி முகம் எப்படி இருந்துச்சு?" என்பது அக்கறை போலத் தெரியும். அவளுக்கு அது இரண்டாவது தடவை பெண் பார்க்க வந்த மாதிரி. அவளே சொன்னால் கேளுங்கள்.

இன்னொன்று, எல்லாரும் பேசித்தான் ஆறுகிறார்கள் என்பதும் இல்லை. 2007இல் ஷெல்லி டெய்லர் என்ற உளவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். பதற்றம் தரும் வேலை ஒன்றுக்கு முன்னால் சிலரை நெருங்கியவர்களிடம் உதவி கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். சிலரைத் தமக்கு நெருங்கிய கூட்டத்தைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னார்கள். ஆசியப் பின்னணி உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் பதற்றத்தைக் குறைத்தது. பிரச்சினையை எடுத்து வைக்காமல், என் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. ஐரோப்பியப் பின்னணி உள்ளவர்களுக்கு நேர்மாறு. அந்தச் சோதனையில் தூத்துக்குடிக்காரர் யாரும் இல்லை, அதை நமக்கு அளந்து தைத்த சட்டையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. "மனசு விட்டுப் பேசு" என்று நெருக்குவதும் ஒரு வகை நெருக்கடிதான். "கடைத்தெருவுக்குப் போறேன், கூட வா" என்பதில் பிரச்சினையின் பேரே இல்லை. அவளுக்கோ வீட்டை விட்டு ஒரு மணி நேரம் வெளியே வர ஒரு சாக்கு கிடைத்துவிடும். முத்துநகர் கடற்கரையில் உட்கார்ந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலை எண்ணிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பலாம். பேச்சு வந்தால் வரட்டும்.

வெளியே கூட்டிப்போனால் ஒரு காவல் வேலையும் சேரும். இரண்டு கார் நின்றதைத் தெருவே பார்த்திருக்கிறது. எதிர்வீட்டு அக்கா கேட்பார்: "என்னம்மா, ஞாயித்துக்கிழமை வந்தாங்களே, முடிஞ்சிருச்சா?" அவள் பதில் சொல்லத் திணறுவதற்குள் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். "இல்லக்கா, தோதுப்படல" என்று சொல்லிவிட்டு உடனே, "உங்க மக காலேஜ் சேர்ந்துட்டாளா?" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். ஜாதகம், கப்பல், எதையும் இழுக்க வேண்டாம். காரணம் சொன்னால் மறுகேள்வி வரும். கோயிலில், பூசை முடிந்து சர்ச் வாசலில், அலுவலகத்தில் இதே கேள்வி ஒரு மாதம் வரும். அதை எதிர்கொள்ள அவளோடு முன்கூட்டிப் பேசி ஒரே பதிலாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் புதிதாகக் காயம் திறக்காது.

கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு தோழிகள் ஒரே துக்கத்தைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருந்தால் நட்பு நெருக்கமாகும், ஆனால் மனச்சோர்வும் கூடும் என்று அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து எழுதினார். இருவரும் சேர்ந்து ஒரே பள்ளத்தைத் தோண்டுகிற காரியம் அது. எப்படித் தெரிந்துகொள்வது? முதல் முறை சொல்லும்போது புதுச் செய்தி வரும். இரண்டாவது முறை, முதலில் சொல்ல வெட்கப்பட்டது வரும். அதற்கப்புறமும் அதே பத்து நிமிஷம், அதே மாடிப்படி, அதே வரிசையில் வந்தால் இனி கேட்பதால் பயன் குறைவு. "அதைத்தான் சொல்லிட்டியே" என்று வெட்ட வேண்டாம். எழுந்து ஒரு வேலை செய்யக் கூப்பிடுங்கள். கை வேலை செய்யும்போது அதே பேச்சு வந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

பையன்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்வரிசை என்னை விடாது. பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்வது இப்போது சர்வ சாதாரணம், அது நல்லதும்கூட. துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவன், மீன்பிடி விசைப்படகில் போகிறவன், சங்கு குளிக்கப் போகிறவன் ஆகியோரிடம் தரகர் முதலில் கேட்பது, "நிரந்தர வேலைன்னு ஏதாவது இருக்கா தம்பி?" கடல் தொழில் என்றாலே போட்டோ திரும்பி வந்துவிடுகிறது என்று இந்தக் கரையில் பல அம்மாக்கள் புலம்பக் கேட்டிருக்கிறேன். அவனுக்கு ஆறுதல் எப்படிக் கிடைக்கிறது? டீக்கடை பெஞ்சில், "விடுல மாப்ள, அந்தப் பிள்ளைய விட நல்லா..." என்று ஒருவன் ஆரம்பிப்பான், இன்னொருவன் கேலி பண்ணுவான், ராத்திரி பாட்டில் வரும். அவன் வருத்தப்பட்டான் என்று ஒப்புக்கொள்ள அந்தக் கூட்டத்தில் இடமே கிடையாது. அதில் யாராவது ஒருவன் மறுநாள் காலையில் தனியாக வந்து, "நேத்து ஒண்ணும் பேச முடியல. எப்படிலே இருக்க?" என்று கேட்டால் அதுதான் ஆறுதல். மது பாட்டிலோடு வருகிற ஆறுதலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அது உங்களுக்கே தெரியும். அவன் தொழிலைக் குறை சொல்லித் தேற்ற வேண்டாம். "வேற வேலைக்குப் போயிரு, பொண்ணு கிடைக்கும்" என்பது அவன் அப்பனும் அவனும் இத்தனை வருஷம் பார்த்த தொழிலைத் தப்பென்று சொல்வதாகும்.

இப்போது இருப்பதிலேயே கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கிளம்பும்போது, அவள் அம்மா வாசல் வரை வந்து உங்கள் கையைப் பிடிப்பார். "இந்தாம்மா, நீ சொன்னா அவ கேப்பா. விருதுநகர்ல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. நேத்துல இருந்து வாயே திறக்க மாட்டேங்கா. நீதான் பேசி வைக்கணும்." அவர் கேட்பதில் தவறில்லை. பெண்ணுக்கு வயது ஏறுகிறது என்ற பயம், ஊர்ப் பேச்சு, கணவரின் மௌனம், எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. இதற்கு நீங்கள் ஒத்துக்கொண்டால், அடுத்த தடவை நீங்கள் வரும்போது அவள் உங்களைத் தோழியாகப் பார்க்க மாட்டாள். அம்மாவின் தூதாகத்தான் பார்ப்பாள். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே வெளி ஆளும் போய்விடும்.

மறுப்பது எப்படி? "நான் சொல்ல மாட்டேன்" என்று முறைத்தால் அம்மா உங்களையே வீட்டுக்கு வர விட மாட்டார். நான் பார்த்த வரையில் வேலை செய்தது இப்படித்தான்: "அத்தை, நான் இப்ப சொன்னா என்கிட்டயும் பேச மாட்டா. என்கிட்டயாவது அவ பேசட்டும். ஒரு மாசம் விடுங்க, அப்புறம் நீங்களே கேளுங்க. விருதுநகர்க்காரங்ககிட்ட, பிள்ளைக்கு ஆபீஸ்ல ஆடிட் நடக்கு, மாசக் கடைசியில சொல்லுதோம்னு சொல்லிருங்க." பாருங்கள், அவருக்கு ஒரு தேதி கிடைத்தது, வந்த இடத்துக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடைத்தது. அம்மாக்களை வதைப்பது பெரும்பாலும் முடிவு தெரியாத நிலைதான். கெடு ஒன்று கிடைத்தால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அந்த வீடுகளில் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அவளிடம் மட்டும், "உங்க அம்மா என்னைப் பேசச் சொன்னாங்க, நான் பேசப் போறதில்ல" என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

தரகரிடமும் ஒரு வார்த்தை. போட்டோவும் விவரத்தாளும் போன இடத்தில் எல்லாம் நின்றுகொண்டிருக்கும், வாட்ஸ்அப் வந்தபின் அது எத்தனை போனில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொன்ன வீட்டில் போட்டோவை அழிக்கச் சொல்லித் தரகரைக் கேட்பது அவள் அப்பா செய்ய வேண்டிய காரியம். அவருக்கு அதை நினைவுபடுத்தலாம். அவளுக்கு அதனால் கிடைக்கிற நிம்மதி பெரியது.

எல்லா வருத்தமும் தோழியின் கைக்குள் அடங்குவதில்லை. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால், அதைக் கடற்கரை பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது. "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள்; அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி உண்டு, 2022இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். போன் போடும்போது பக்கத்தில் இருங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல் நாட்கள் போனால், ஒரு நாள் அவளே ஆரம்பிப்பாள். "அந்த விருதுநகர் இடம்... என்ன செய்யலாம்னு யோசிக்கேன்." அவள் வாயால் வந்த பிறகு அது தடை செய்யப்பட்ட பேச்சு இல்லை, இப்போதுதான் தோழி பேச வேண்டிய நேரம். போய்ச் சேர் என்றும் சொல்ல வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். போன தடவை எது வலித்தது, அது இந்தத் தடவை நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேளுங்கள். முதலில் போனில் இரண்டு மூன்று நாள் பேசிப் பார்த்துவிட்டு நேரில் பார்க்கலாமா? வீட்டுக்கு இரண்டு கார் வருவதற்குப் பதில், பையனும் அம்மாவும் மட்டும் திருச்செந்தூர் கோயிலுக்கு வரட்டும், நாமும் சாமி கும்பிடப் போன மாதிரிப் போவோம் என்று வைத்துக்கொள்ளலாமா? தட்டிப்போனாலும் தெருவுக்குத் தெரியாது. பதில் எத்தனை நாளில் சொல்வார்கள் என்று தரகரிடம் முன்பே கேட்டு வைக்கலாமா? வேண்டாம் என்றால் ஜாதகத்தின் மேல் போடாமல் வேண்டாம் என்றே சொல்லச் சொல்லலாமா? தரகர்கள் இதற்குத் தலையைச் சொறிவார்கள், ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. நாம் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் நாமும் அப்படியே சொல்ல வேண்டும் என்பதை அவளிடம் அப்போதே சொல்லி வையுங்கள்.